இறங்காத கோடு

"எரநூத்தி நாப்பது" என்று சுதாகரின் குரல் சொன்னபோது, திரையில் நூற்று அறுபத்தைந்து என்று இருந்தது.

அதீபா வீடியோவை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டாள். அதே குரல், அதே எண். எங்கேயோ தன்னிடம்தான் பிசகு என்று நினைத்தாள். காலையிலிருந்து அவள் சாப்பிட்டது ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மணி ஒன்று நாற்பது ஆகியிருந்தது.

அவள் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரி. கல்யாண வீடியோ எடிட்டிங்கில் தொடங்கி, இப்போது விளக்கப் படங்களுக்கு எண்ணும் வரைபடமும் போட்டுத் தருகிற அளவுக்கு வந்திருந்தாள். மலைமேல், வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் வேன் ஓட்டுநர் சங்கத்துக்கு ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே மலை ஓட்டுநர்களுக்கு ஒரு படம் காட்டுவதாக ஏற்பாடு. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் எவ்வளவு சூடாகும், கியரைக் குறைத்து இறங்கினால் எவ்வளவு குறையும் என்பதைக் காட்டுகிற படம். ராசிபுரத்தில் ஓட்டுநர் பயிற்சி கொடுக்கும் சுதாகர்தான் அதைத் திட்டம் போட்டவர். சங்கத்து டிவி பழசு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் எண் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்வதற்காகவே அதீபா முந்தின நாள் லேப்டாப்போடு மலையேறி வந்திருந்தாள். ராத்திரி சங்கத்துச் செயலாளர் வீட்டில் தங்கிவிட்டு, காலையிலிருந்து சங்கக் கட்டடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வேலை நன்றாகவே போயிருந்தது. மூடுபனி வானத்தின் மேல் வெள்ளை எண் கரைந்து போனதால், எண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போட்டாள். ஒன்று என்பது ஒல்லியாகவும் எட்டு என்பது குண்டாகவும் இருக்கிற எழுத்துருவில், எண் மாறும்போதெல்லாம் வரிசை இடமும் வலமுமாக ஆடியது. எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துருவுக்கு மாற்றினாள். நொடிக்கு நொடி ஓடும் எண்ணை யாராலும் படிக்க முடியாது. அதனால் சுதாகர் ஒரு எண்ணைச் சொல்லும்போது மட்டும் அது வரும், இரண்டு தடவை படித்து முடிக்கிற நேரம் நிற்கும், பிறகு போகும். எண் பேச்சுக்குப் பின்னால் வந்தால் பார்க்கிறவன் குழம்புவான். "எரநூத்தி" என்ற சொல் ஆரம்பிக்கிறபோதே எண் வந்துவிட்டால், "நாப்பது" என்று முடிவதற்குள் கண்ணும் காதும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். இதெல்லாம் அவளுக்குக் கைவந்த கணக்கு. சேராமல் இருப்பது எண்ணின் நேரமல்ல, எண்ணே என்பதுதான் இப்போது அவளை உறுத்தியது.

படம் எடுத்தது எட்டு நாளைக்கு முன்னால். வண்டி அவளுடைய தாய்மாமா அமீர் பாஷாவுடையது, இருபது பேர் உட்காரும் வேன். ஓட்டியவர் கருப்பண்ணன், பன்னிரண்டு வருடமாக அந்த வண்டியிலேயே இருப்பவர். வழக்கம்போல் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய நடையில்தான் படம் எடுத்தார்கள். நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் வெப்பம் அளக்கும் கம்பி வைத்து, நான்கையும் ஒரு சிறு பெட்டியில் சொருகியிருந்தார்கள். நொடிக்கு ஒருமுறை அந்தப் பெட்டி நான்கு சக்கரங்களின் சூட்டையும் டிகிரிக் கணக்கில் பதிந்துகொள்ளும். ஒரு போன் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாலையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இன்னொன்று கீழே, ஓட்டுநரின் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சுதாகர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெட்டியின் திரையில் தெரிந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு கோடு போட்டால் பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும், சராசரி எடுத்து ஒரே கோடாகப் போட்டுவிடு என்று அவர்தான் சொல்லியிருந்தார். அதீபாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கோடு ஒன்று, எண் ஒன்று, குரல் ஒன்று.

முதலில் நேரப் பிசகு என்று நினைத்தாள். போனில் எடுத்த வீடியோவில் நொடிக்கு எத்தனை படம் என்பது ஒரே மாதிரி இருக்காது, கூடியும் குறைந்தும் வரும். அதைச் சீராக்காமல் வைத்தால் போகப் போகக் குரலும் படமும் விலகும். ஆனால் அவள் முதல் வேலையாக அதைச் சீராக்கியிருந்தாள். பதிவு தொடங்கும்போது பெட்டி ஒருமுறை கீச்சிடும், முடியும்போது ஒருமுறை. அந்த இரண்டு கீச்சையும் குரலில் தேடி, கோட்டின் தொடக்கத்தோடும் முடிவோடும் பொருத்திப் பார்த்தாள். இரண்டும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன.

ஆனாலும் கோட்டைக் கையால் நகர்த்திப் பார்த்தாள். மேலே, இறக்கத்தின் ஆரம்பத்தில் சுதாகர் "நூத்தி எழுவது" என்று சொன்ன இடத்தில் கோடு நூற்றுப் பதினெட்டில் இருந்தது. அதைப் பத்து நிமிடம் முன்னால் இழுத்தால் நூற்று எழுபது வந்து சேர்ந்தது. ஆனால் அப்போது மற்ற எல்லா இடமும் கெட்டது. இருநூற்று நாற்பதுக்கு எங்கே இழுத்தாலும் வழியில்லை. அந்தக் கோடு அதன் வாழ்நாளில் ஒருமுறைகூட இருநூற்று நாற்பதைத் தொடவில்லை.

இல்லாத எண்ணை சுதாகர் எங்கிருந்து படித்தார்?

சுதாகரின் பெட்டி சின்னத் திரை உள்ளது. நான்கு எண்ணில் எது பெரியதோ அதை மட்டுமே காட்டும். அது நினைவுக்கு வந்ததும், சராசரியை அழித்துவிட்டு, நான்கு சக்கரங்களின் எண்களையும் தனித்தனிக் கோடாகப் போட்டாள்.

மூன்று கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு போயின. கால் பிரேக்கை மிதிக்கும்போது ஏறின. காலை எடுத்தால் இறங்கின. நான்காவது கோடு இறங்கவில்லை.

அதீபா கால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கருப்பண்ணனின் ரப்பர் செருப்புக் கால் பிரேக்கிலிருந்து விலகி, தரையில் பேசாமல் கிடந்தது. வண்டி இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்கியது. மூன்று கோடுகளும் சரிந்துகொண்டிருந்தன. நான்காவது ஏறியது. இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பத்தொன்பது. இருநூற்று இருபத்தெட்டு. இடது பின் சக்கரம்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

கம்பி பழுதாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழுதான கம்பி என்றால் எண் தாவும், அல்லது ஒரே இடத்தில் நிற்கும். இது தாவவுமில்லை, நிற்கவுமில்லை, சோறு வேகிற மாதிரி நிதானமாக ஏறியது. பதிவின் தொடக்கத்துக்குப் போனாள். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே, சமதளத்தில் ஓடிவந்த வண்டியில், மூன்று சக்கரம் நாற்பதில் இருக்க இது தொண்ணூற்றைந்தில் இருந்தது. முடிவுக்குப் போனாள். முள்ளுக்குறிச்சியில் வண்டியை நிறுத்திய பிறகும் பெட்டி பத்து நிமிடம் ஓடியிருந்தது. வண்டி நின்றதும், மற்ற மூன்றையும் போலவே, அந்தக் கோடும் ஒழுங்காக இறங்கியது. ஆகக் கம்பிக்கு இறங்கத் தெரியும். சக்கரம் சுற்றுகிறவரை இறங்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சக்கரத்தின் பிரேக், மிதிக்காதபோதும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

குரல் பதிவில் பாதி வழியில் பின் சீட்டிலிருந்து ஒரு பெண், ஏதோ கருகுகிற வாசம் வருகிறதே என்று சொன்னதும் இருந்தது. அது தேவையில்லாத சத்தம் என்று நினைத்து அவளே முந்தாநாள் வெட்டிப் போட்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு வேன் ஞாபகம் வந்தது. எட்டு நாளாக அந்த வேன் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் ஓடும். எடப்புளி நாட்டில் வேலைக்குப் போனவர்களை ஏற்றிக்கொண்டு, மூன்று மணிக்குச் சங்கக் கட்டடத்துக்கு எதிரே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மணி இரண்டு பத்து.

கருப்பண்ணனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. எடப்புளிப் பக்கம் சிக்னல் கிடைக்காது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் நான்கு தடவை போட்டாள். சுதாகர் எடுத்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கம்பி லூசாக இருந்திருக்கும், அன்றைக்கே எனக்குச் சந்தேகம் என்றார். பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் அவள் விளக்கினாள்.

"போன்ல கேட்டா எனக்கே புரியலீங்க அதீபா. கருப்பண்ணனுக்கு எப்படிப் புரியும்? பாத்தாத்தான் தெரியும்."

அவர் ராசிபுரத்தில் இருந்தார். கிளம்பி வந்தாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது.

மாமாவுக்குப் போட்டாள். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. அமீர் பாஷா அவளை வளர்த்த மாதிரிதான், கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டதே அவர். அவருடைய வண்டியைக் குற்றம் சொல்கிறோம் என்ற பயமும் இந்தப் பயத்தோடு சேர்ந்துகொண்டது. அவர் கோபப்படவில்லை. போன மாதம்தான் மெக்கானிக் பார்த்தான் என்றார். வண்டியை நிறுத்தினால் இருபது பேர் மழையில் நிற்பார்களே, கீழே போய்ச் சேர வேறு வழி என்ன என்று கேட்டார். கடைசியில், ஓட்டுகிறவன் கருப்பண்ணன், அவன் சொல்வதுதான் முடிவு, அவனிடம் காட்டு என்றார்.

காட்டுவதற்கு என்ன இருந்தது? நான்கு கலர் கோடு, ஓரத்தில் எறும்பு மாதிரி எண்கள். அதைக் கொண்டுபோய் மழையில், நின்று கிளம்புகிற வண்டியின் ஜன்னலில் நீட்டினால் கருப்பண்ணன் என்ன பார்ப்பார்? சராசரி போட்ட மாதிரிப் படத்தை மூன்று நாளைக்கு முன்னால் அவளே அவருக்கு அனுப்பியிருந்தாள். அருமையாக இருக்கிறது கண்ணு என்று அவரும் பதில் போட்டிருந்தார். வண்டிக்கு ஒன்றுமில்லை என்று அந்தப் படம்தான் அவருக்குச் சொல்லியிருந்தது.

நாற்பது நிமிடம்தான் இருந்தது. உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

மூன்று கோடுகளையும் ஒரே சாம்பல் நிறமாக்கி மெலியவைத்தாள். நான்காவதைச் சிவப்பாக்கித் தடியாக்கினாள். கட்டங்களையும் ஓரத்து எண்களையும் தூக்கினாள். கோடுகளைக் கால் படத்தின் மேலேயே, செருப்பை மறைக்காமல், மேல் பாதியில் வைத்தாள். வெயிலோ மழையோ, லேப்டாப் திரையில் கை நீட்டும் தூரத்தில் தெரிய வேண்டும். அதனால் எண்ணை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினாள். எண் உருண்டு ஓடக்கூடாது. உருளும்போது நடுவில் வருகிற பொய் எண்ணில் கண் நின்றுவிடும். ஆகவே மூன்றே மூன்று எண்கள், ஒவ்வொன்றும் சட்டென்று வந்து, அசையாமல் நிற்கும். அவை வருகிற நேரம்தான் கஷ்டமாக இருந்தது. முதல் எண் கால் பிரேக்கை விட்டு விலகிய பின் ஒரு மூச்சு கழித்து வர வேண்டும். முன்னால் வந்தால் மிதித்ததால் ஏறியது என்று தோன்றிவிடும். இரண்டாவது, கால் இன்னும் தரையில் இருக்கும்போது. மூன்றாவது எண் இருநூற்று நாற்பது. அதற்கு சுதாகரின் குரல் இருந்தது. குரலின் அலையைப் பெரிதாக்கி, "எரநூத்தி" எழும்பும் இடத்தைக் கண்டுபிடித்து, எண்ணை அங்கே நட்டாள். வெட்டிப் போட்ட அந்தப் பெண்ணின் வார்த்தையைத் தேடியெடுத்து அதன் இடத்தில் திரும்ப வைத்தாள்.

முதல் தடவை ஓட்டியபோது மூன்றாவது எண் அரை நொடி பிந்தியது. எண்ணைத் தவறான இடத்தில் விட்டிருந்தாள். சரிசெய்தாள். தப்பான எண்ணைத் தப்பான நேரத்தில் காட்டி ஒரு வண்டியை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. சரியான எண்ணைக் காட்டியும் நிற்காமல் போய்விட்டால் என்று இன்னொரு பக்கம் கேட்டது. மொத்தம் நாற்பது நொடிப் படம். மணி இரண்டு ஐம்பத்தெட்டு ஆனபோது தொலைவில் ஹாரன் கேட்டது.

லேப்டாப்பைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஓடினாள். வேன் வந்து நின்றது. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டட வேலைக்காரர்கள், மிளகு பறிக்கப் போனவர்கள், மடியில் பலாப்பழத்தை வைத்திருந்த ஒரு பெரியவர். கருப்பண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்ன கண்ணு நனைஞ்சுக்கிட்டு நிக்கிற என்றார்.

"அண்ணா, கீழ எறங்காதீங்க. நாப்பது செகண்ட் இதப் பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

பின் சீட்டிலிருந்து ஒருத்தி, சேலம் பஸ் போயிடும் அண்ணா, வண்டிய எடுங்க என்றாள். கருப்பண்ணன் அவளையும் பார்த்தார், அதீபாவையும் பார்த்தார். பிறகு என்ஜினை அணைத்தார். லேப்டாப்பை ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்து ஓட்டினாள்.

அவர் முதலில் பார்த்தது தன் காலைத்தான். தன் செருப்பை அடையாளம் கண்டு சிரித்தார். கால் தரைக்கு இறங்கியது. ஒரு மூச்சு. இருநூற்றுப் பன்னிரண்டு. அவர் சிரிப்பு நின்றது. கால் அசையவில்லை. சிவப்புக் கோடு ஏறியது, சாம்பல் கோடுகள் கீழே போயின. இருநூற்று இருபத்தெட்டு. கருகுகிற வாசம் வருதே என்று ஒரு குரல். பின் சீட்டில் சேலம் பஸ்ஸைப் பற்றிச் சொன்னவள், அது நான்தானுங்க, அன்னைக்கு நான்தான் சொன்னேன் என்று மெல்லச் சொன்னாள். அவள் பெயர் பரிமளா. "எரநூத்தி நாப்பது" என்று சுதாகர் சொல்ல, எண் கூடவே வந்து நின்றது.

"கால எடுத்துட்டனே," என்றார் கருப்பண்ணன். "நான் மிதிக்கவே இல்லையே கண்ணு."

"ஆமாங்ணா. அது எடது பின் சக்கரம்."

மறுபடி ஒருமுறை ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். அவர் கதவைத் திறந்து இறங்கினார். குடிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனார். வலது முன் சக்கரத்துக்குள் கொஞ்சம் தெளித்தார், தண்ணீர் வழிந்து ஓடியது. இடது முன், வலது பின், அப்படித்தான். எடப்புளியிலிருந்து பெரிய இறக்கம் எதுவும் இல்லாமல், மழையில் நனைந்துகொண்டு வந்த வண்டி. இடது பின் சக்கரத்துக்குள் தெளித்ததும் சொர்ரென்று சத்தம் வந்தது. வெள்ளையாக ஆவி எழுந்து அவர் முகத்தில் அடித்தது.

கருப்பண்ணன் எழுந்து வந்து வண்டியின் பின்கதவைத் திறந்தார்.

"எல்லாரும் எறங்குங்க," என்றார். "வண்டி போகாது."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. பலாப்பழத்தோடு பெரியவர் இறங்குகிறபோது பரிமளா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்கு அரசு பஸ் நாலேகாலுக்குத்தான். அதுவரை சங்கத்துக் கட்டடத்தில் நனையாமல் உட்கார்ந்தார்கள். அதீபா அமீர் பாஷாவுக்குப் போன் போட்டு, கருப்பண்ணனிடம் கொடுத்தாள். அவர் இரண்டு வாக்கியம் பேசினார். மாமா உடனே மெக்கானிக்கை பைக்கில் ஏற்றி அனுப்பினார்.

சக்கரம் ஆறக் காத்திருந்து மெக்கானிக் கழற்றியபோது மணி ஐந்தரை. பிரேக் கட்டையைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்து கிடந்தது. கட்டை, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மில் உராய்ந்து உராய்ந்து ஒரு பக்கம் தேய்ந்து தகரம் தெரிந்தது. அதைத் தள்ளுகிற சிலிண்டரின் ரப்பர் சூட்டில் வெந்து, பிரேக் ஆயில் கசிய ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் விரலால் அதைத் தொட்டுக் காட்டினான். இது முழுசாகப் போயிருந்தால் பெடல் தரைக்கு இறங்கியிருக்கும், அந்தச் சக்கரத்தில் மட்டுமில்லை, மற்ற சக்கரங்களிலும் பிரேக் பிடிக்காமல் போயிருக்கும் என்றான். எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று அதீபா கேட்டாள். இன்னைக்கும் தாங்கியிருக்கலாம், பாதி மலையில விட்டிருக்கலாம், எப்படிச் சொல்றது என்றான் அவன்.

கருப்பண்ணன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு நாள், தினமும் போக ஒரு நடை வர ஒரு நடை. ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றியிருந்தார். அதைச் சொல்லிவிட்டு அதீபாவை நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி, நீ அனுப்புன மொத படத்துல ஒண்ணுமே இல்லையே."

"இருந்துச்சுங்ணா. நான்தான் நாலையும் ஒண்ணாக் கூட்டிப் போட்டு மறைச்சுட்டேன்."

அவர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அன்று சாயந்திரம் கடைசி பஸ்ஸில் அதீபா கீழே இறங்கினாள். கருப்பண்ணன் வண்டியோடு மேலேயே தங்கிவிட்டார். லேப்டாப்பை மடியில் இறுக்கிக்கொண்டு, பஸ்ஸின் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தாள். வளைவு ஒன்று முடிய இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றிலும் பிரேக் முனகும்போது மூக்கை உயர்த்தி வாசம் பிடித்தாள். டீசல் வாசமும் ஈர மண் வாசமும்தான் வந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் நன்றாகத் தூங்கினாள். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அந்தச் சக்கரங்களில் எது எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முள்ளுக்குறிச்சி விளக்குகள் தெரிகிறவரை அவள் ஜன்னல் கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை.